உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஃபில்டரைவிட 12 ஃபில்டர் வேகமானது!

நான்கு மோட்டார் ட்ரோனின் கைரோவுக்கு ஒரே ஒரு ஃபில்டர் போட்டால் 1.59 மில்லி விநாடி தாமதம். 12 ஃபில்டர் போட்டால் 1.17 மில்லி விநாடிதான்! நம்ப முடியவில்லையா? கணக்கோடு காட்டுகிறேன், வாருங்கள்!

பந்தயத்துக்கும் சாகசத்துக்கும் பறக்கவிடும் 5 அங்குல ட்ரோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தரத்தில் நிற்கும்போது அதன் மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதாவது விநாடிக்கு 200 சுற்று. அந்த 200 ஹெர்ட்ஸ் அதிர்வு அப்படியே ஃபிரேமில் ஏறி கைரோவை உலுக்குகிறது. கைரோவோ விநாடிக்கு 8,000 முறை அளவெடுக்கிறது. ஒரு நடுக்கம்கூட அதன் கண்ணுக்குத் தப்பாது!

அந்த நடுக்கத்தை அமுக்க எல்லோரும் முதலில் தேடுவது லோ-பாஸ் ஃபில்டர். பீட்டாஃப்ளைட் மென்பொருளில் PT1 என்ற எளிய வகை இருக்கிறது. அதை 100 ஹெர்ட்ஸில் வைத்தால் 1.59 மில்லி விநாடி போய்விடும். அவ்வளவு கொடுத்தும் 200 ஹெர்ட்ஸ் இரைச்சலில் 45 சதவீதம் உள்ளே வந்துவிடுகிறது!

அதே 100 ஹெர்ட்ஸில் BIQUAD வகையைப் போட்டால் மிஞ்சும் இரைச்சல் 24 சதவீதம்தான். ஆனால் தாமதம் 2.25 மில்லி விநாடி!

இரண்டு மில்லி விநாடியெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்காதீர்கள்! ட்ரோன் தன் காற்றுச் சுழலுக்குள் தானே இறங்கும்போது வரும் ஆட்டம் 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு 20 மில்லி விநாடி. அந்த BIQUAD வழியாக வரும் செய்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஆட்டம் பிந்தி வருகிறது. மோட்டார் திருத்தத் தொடங்குவதற்குள் ட்ரோன் வேறு நிலைக்குப் போய்விடும்!

அப்படியானால் லோ-பாஸை 500 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடலாமே? ஏற்றலாம். PT1-இன் தாமதம் 0.32 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடும். ஆனால் 200 ஹெர்ட்ஸ் இரைச்சலில் 93 சதவீதம் தாராளமாக நுழைந்துவிடும்!

இப்போதுதான் நாட்ச் ஃபில்டர் வருகிறது. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் பள்ளம் தோண்டி எடுத்துவிடும். 200 ஹெர்ட்ஸில், க்யூ மதிப்பு 5 என்றால் பள்ளத்தின் அகலம் 40 ஹெர்ட்ஸ். நடுவில் இரைச்சல் ஏறக்குறைய பூஜ்யம். மெதுவான அசைவுகளுக்கு அது சேர்க்கும் தாமதம் வெறும் 0.16 மில்லி விநாடி. 100 ஹெர்ட்ஸ் PT1-இல் பத்தில் ஒரு பங்கு!

இன்னொரு ஆச்சரியம்! நாட்சின் நடுப்புள்ளிக்குக் கீழே உள்ள அசைவுகள் பிந்துகின்றன. மேலே உள்ளவற்றின் கட்டமோ முந்துகிறது! ட்ரோனின் உண்மையான அசைவுகள் கீழே இருப்பதால்தான் நமக்குத் தாமதம் மட்டும் கண்ணில் படுகிறது.

சிக்கல் ஒன்றுதான். த்ராட்டிலை ஏற்றினால் 200 ஹெர்ட்ஸ் 300 ஆகும், 500 ஆகும். பள்ளத்தை எங்கே தோண்டுவது? மோட்டாரையே கேட்டுவிட்டார்கள்! 2019-இல் வந்த பீட்டாஃப்ளைட் 4.0-இன் ஆர்பிஎம் ஃபில்டர் செய்வது இதைத்தான். கட்டளை போகும் அதே ஒற்றை சிக்னல் வயரில் இஎஸ்சி தன் மோட்டாரின் வேகத்தைத் திருப்பி அனுப்புகிறது. கூடுதல் வயர் ஒன்றுகூட வேண்டாம்!

நான்கு மோட்டார். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை அதிர்வு, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இவை மூன்று அச்சுகளிலும். மொத்தம் 36 நாட்ச்கள், அத்தனையும் மோட்டாரோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கின்றன!

ஓர் அச்சுக்கு 12. இப்போது கூட்டிப் பாருங்கள். 200 ஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 0.16, 400-இல் 0.08, 600-இல் 0.05. கூட்டினால் ஒரு மோட்டாருக்கு 0.29 மில்லி விநாடி. நான்கு மோட்டாருக்கு 1.17! 45 சதவீத இரைச்சலை உள்ளே விட்ட அந்த ஒற்றை PT1-ஐவிடக் குறைவு!

முழு த்ராட்டிலில் மோட்டார் 500 ஹெர்ட்ஸைத் தொட்டால் இன்னும் அழகு. 12 நாட்ச்களும் சேர்ந்தே 0.47 மில்லி விநாடிதான்!

ஆனால் கீழே இறங்கினால் விலை ஏறும். 100 ஹெர்ட்ஸ் வரை 12 நாட்ச்களும் முழு பலத்தோடு துரத்தினால் தாமதம் 2.33 மில்லி விநாடி! அதனால்தான் 150-இலிருந்து 100 ஹெர்ட்ஸை நெருங்க நெருங்க நாட்சின் பலத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது மென்பொருள். இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று இதழ் ப்ரொப்பெல்லரில் இரண்டாம் மடங்கு இரைச்சல் பெரும்பாலும் பலவீனமானது. அதை மட்டும் அணைக்க 4.5 பதிப்பில் ஒரு வரி போதும்:

```
set rpm_filter_weights = 100,0,100
save
```

மிச்சம் எவ்வளவு? 200 ஹெர்ட்ஸில் 0.32 மில்லி விநாடி. 500 ஹெர்ட்ஸ் PT1 ஒன்று தின்னும் நேரத்துக்கு மிகச் சரியாகச் சமம். ஒரு லோ-பாஸையே இலவசமாக வாங்கியதுபோல்! அணைக்கும் முன் பிளாக்பாக்ஸ் பதிவில் 400 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை துல்லியத்தையும் ஒரே ஓர் எண் கவிழ்த்துவிடும் தெரியுமா? இஎஸ்சி சொல்வது மின்சுற்று எண்ணிக்கை. 5 அங்குல ட்ரோன் மோட்டாரில் வழக்கமாக 14 காந்தங்கள், அதாவது ஏழு ஜோடி. 12,000 சுற்று சுற்றினால் இஎஸ்சி 84,000 என்று சொல்லும். மென்பொருள் அதை ஏழால் வகுக்க வேண்டும். அதற்கு இந்த வரி:

```
set motor_poles = 14
save
```

மிகச் சிறிய மோட்டார்கள் பலவற்றில் 12 காந்தம்தான். அந்த 12-ஐ மறந்துபோய் இங்கேயும் விட்டுவிட்டால்? 84,000-ஐ ஆறால் வகுத்து 14,000 என்று கணக்குப் போடும். நாட்ச் 233 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். இரைச்சலோ 200-இல்! கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நாட்ச் வழியே 84 சதவீத இரைச்சல் நுழைந்துவிடுகிறது. தாமதம் மட்டும் அப்படியே தொடர்கிறது!

கண்டுபிடிப்பது எப்படி? பறந்து இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். பிறகு பிளாக்பாக்ஸ் பதிவைத் திறந்து, அதிர்வெண்ணையும் த்ராட்டிலையும் எதிரெதிரே வைத்த வண்ணப் படத்தைப் போடுங்கள். ஃபில்டருக்குப் பிந்தைய கைரோவில் த்ராட்டிலோடு சாய்ந்து ஏறும் பிரகாசமான கோடு தெரிந்தால், அது நாட்சிடமிருந்து தப்பித்த மோட்டார் இரைச்சல். காந்த எண்ணிக்கையைத் திருத்திவிட்டு மறுபடி பறந்தால் அந்தக் கோடு மங்கிவிடும்!

த்ராட்டில் எப்படி மாறினாலும் அசையாமல் ஒரே அதிர்வெண்ணில் செங்குத்தாக ஒரு கோடு நிற்கிறதா? அது மோட்டார் இல்லை, ஃபிரேமின் ஒத்ததிர்வு. ஆர்பிஎம் ஃபில்டருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. முதலில் கை திருகுகளை இறுக்கிப் பாருங்கள். போகவில்லையென்றால், இரைச்சலின் மேட்டைத் தானே தேடிப் பிடிக்கும் டைனமிக் நாட்ச் இருக்கிறது. வழக்கமாக அது அச்சுக்கு மூன்று வைத்திருக்கும். ஆர்பிஎம் ஃபில்டர் சரியாக ஓடினால் ஒன்றே போதும்!

அந்தக் கோடு 180 ஹெர்ட்ஸில் இருந்தால், க்யூ 5-இல் அதைத் துடைக்க ஆகும் செலவு 0.18 மில்லி விநாடி. கைரோ இரண்டு முறை அளவெடுக்கும் நேரம்கூட இல்லை!