லெஸ் தன் விழுங்கிய வாக்கியம்

மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றின் சரக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் ஒரு மாத்திரையின் பக்கத்தைத் திறந்து, இப்படி ஒரு குறிப்பு எழுதிச் சேமிக்கிறார்:

```
stock<min என்றால் உடனே ஆர்டர் போடவும்
```

பட்டியல் பக்கத்துக்கு வந்து பார்த்தால் `stock` என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. மிச்ச வாக்கியம் போன இடம் தெரியவில்லை. பதறிப்போய் ‘திருத்து’ பொத்தானை அழுத்தினால், திறக்கும் பெட்டியில் வாக்கியம் முழுசாக இருக்கிறது. மேலாளருக்குப் போன எஸ்எம்எஸ்ஸிலும் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. இது போதாதென்று, பட்டியலில் கீழே இருந்த மற்ற மருந்துகளின் குறிப்புகளெல்லாம் இந்த முதல் குறிப்பின் மஞ்சள் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த டெவலப்பர் முதலில் டேட்டாபேஸைத்தான் சந்தேகிப்பார். அங்கே போய்ப் பார்த்தால் குறிப்பு பத்திரமாக இருக்கும். அடுத்த சந்தேகம் பிரவுசர் மேல் விழும். குரோமில் பார்த்ததை ஃபயர்பாக்ஸில் பார்த்தாலும் அதே `stock` தான். இரண்டும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன. அந்த விதி எச்டிஎம்எல் தரநிலையில் எழுத்து எழுத்தாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மேலே சொன்ன எல்லாக் குழப்பமும் தானாக அவிழ்ந்துவிடும்.

பிரவுசர் பக்கத்தை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டு போகிறது. `<` வந்ததும் அதற்கு அடுத்த எழுத்தைப் பார்க்கும். அது ஆங்கில எழுத்தாக இருந்தால், அங்கே ஒரு டேக் தொடங்குகிறது என்று முடிவு கட்டிவிடும். `/`, `!`, `?` ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வழி உண்டு. வேறு எது வந்தாலும், எண்ணோ இடைவெளியோ, அந்த `<` சாதாரண எழுத்தாகத் திரையில் வந்துவிடும். அதனால்தான் `stock<10` ஒழுங்காகத் தெரிகிறது. `stock < min` என்று இடைவெளி விட்டு எழுதினாலும் தெரியும். இடைவெளி இல்லாத `stock<min` மட்டும் மாட்டிக்கொள்கிறது. சோதனைக்கு `5 < 10` என்று அடித்துப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தான் வருகிறது’ என்று நிம்மதியடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. கடித மாதிரி ஒன்றில் ‘அன்புள்ள `<name>` அவர்களுக்கு’ என்று எழுதினால் `<name>` மறைந்துவிடும். ‘அன்புள்ள `<பெயர்>` அவர்களுக்கு’ என்று எழுதினால் அப்படியே தெரியும், ஏனென்றால் `ப` ஆங்கில எழுத்து இல்லை. ஆனால் `</பெயர்>` என்று மூடினால் அது காணாமல் போகும். `/`-க்குப் பிறகு ஆங்கில எழுத்து வராவிட்டால், அடுத்த `>` வரை உள்ளதைக் கமெண்ட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. திறப்பது தெரிகிறது, மூடுவது தெரியவில்லை!

மாத்திரைக் குறிப்புக்குத் திரும்புவோம். சர்வரிலிருந்து வந்தது இதுதான்:

```
<div class="note">stock<min என்றால் உடனே ஆர்டர் போடவும்</div>
<div class="note">குளிரூட்டியில் வைக்கவும்</div>
```

பிரவுசரின் கணக்கில் `min` ஒரு டேக்கின் பெயர். அப்படி ஒரு டேக் எச்டிஎம்எல்லில் கிடையாது. ஆனால் பிரவுசர் அதற்காக முகம் சுளிக்காது. தெரியாத டேக்குக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, திரையில் எதுவும் காட்டாமல் நகர்ந்துவிடும். நிரல் எழுதுபவர்கள் குறிப்பிடும் `List<String>` வெறும் `List` ஆகத் தெரிவதும், `Kumar <kumar@example.com>` என்பதில் முகவரி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சுவதும் இதே காரணத்தால்தான்.

டேக்கின் பெயர் முடிந்ததும் வருகிற சொற்களெல்லாம் அதன் ஆட்ரிபியூட்கள். `என்றால்`, `உடனே`, `ஆர்டர்` ஒவ்வொன்றும் ஓர் ஆட்ரிபியூட் ஆகிவிட்டது. இந்த டேக் முடிய ஒரு `>` வேண்டும். கிடங்குக்காரர் `>` எதுவும் எழுதவில்லை. எதிரில் கிடைத்த முதல் `>`, குறிப்பை மூட வேண்டிய `</div>`-இன் கடைசி எழுத்து. ஆக, வாக்கியத்தோடு சேர்த்து அந்த மூடும் டேக்கும் விழுங்கப்பட்டது. இன்ஸ்பெக்டரில் பார்த்தால் சாட்சி கையும் களவுமாகக் கிடைக்கும்:

```
<min என்றால்="" உடனே="" ஆர்டர்="" போடவும்<="" div="">
```

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த `div` தான் காணாமல் போன மூடும் டேக்கின் மிச்சம். முதல் `div` மூடப்படவே இல்லாததால், அடுத்தடுத்து வந்த குறிப்புகள் அதன் வயிற்றுக்குள் போயின. பக்கத்தின் அமைப்பு கலைந்தால் சிஎஸ்எஸ்ஸைத் துருவுவதற்கு முன், யாரோ தட்டிய ஓர் உரையில் `<` இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சரி, திருத்தும் பெட்டியில் மட்டும் எப்படி முழுதாகத் தெரிந்தது? அங்கே குறிப்பு `value="..."` என்று மேற்கோளுக்குள் வருகிறது. மேற்கோளுக்குள் `<`-க்கு எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லை. அங்கே ஆபத்தானது `"` தான். `12" டேப்` என்று யாராவது எழுதியிருந்தால், பட்டியலில் முழுதாகத் தெரியும், திருத்தும் பெட்டியில் `12` மட்டும் தெரியும். நிலைமை தலைகீழ். எஸ்எம்எஸ்ஸுக்கோ எச்டிஎம்எல் என்றால் என்னவென்றே தெரியாது, அது எல்லாவற்றையும் எழுத்தாகவே காட்டுகிறது. பிரவுசர் தாவலில் தோன்றும் `<title>`-க்குள்ளும் டேக்குகள் வேலை செய்வதில்லை. அங்கே `<b>` என்று கொடுத்தால் தடித்த எழுத்து வராது, `<b>` என்றேதான் தெரியும்.

இதற்கு மருந்து எஸ்கேப் செய்வது. `<` இருக்கும் இடத்தில் `&lt;` என்று அனுப்பினால், பிரவுசர் அதை டேக்காகப் படிக்காமல் `<` என்ற எழுத்தாகத் திரையில் போடும். `>`-க்கு `&gt;`, `"`-க்கு `&quot;`, `&`-க்கு `&amp;`. இந்த அளவு எல்லோருக்கும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. எங்கே செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது, சேமிக்கும்போதே மாற்றிவிடுவது. டேட்டாபேஸில் `stock&lt;min` என்று போய் உட்கார்கிறது. பட்டியல் பக்கம் சரியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று தோன்றும். மேலாளரின் எஸ்எம்எஸ்ஸில் `stock&lt;min` என்று வரும். எக்செல்லுக்கு எடுத்தால் அதிலும் அதுவே வரும். `stock<min` என்று தேடினால் குறிப்பு கிடைக்காது. பிறகு ஒருநாள் வேறொரு டெவலப்பர், தானாகவே எஸ்கேப் செய்யும் ஜாங்கோ மாதிரியான டெம்ப்ளேட்டுக்கு அந்தப் பக்கத்தை மாற்றுவார். அது `&`-ஐப் பார்த்து `&amp;` ஆக்கும். `&amp;lt;` என்று போனது திரையில் `&lt;` என்று தெரியும். கிடங்குக்காரர் திருத்தும் பெட்டியைத் திறந்து, வேறெதையோ மாற்றிச் சேமிப்பார். சேமிக்கும்போது மறுபடி எஸ்கேப் ஆகும். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு `amp;` கூடும். எங்கேயாவது `&amp;amp;amp;lt;` என்று பார்த்தால், அந்தக் குறிப்பு எத்தனை முறை சேமிக்கப்பட்டது என்பதைக்கூட அதிலிருந்து எண்ணிவிடலாம்.

ஆகவே, மனிதர் அடித்ததை அடித்தபடியே சேமிக்க வேண்டும். எச்டிஎம்எல் பக்கமாக எழுதும் கடைசிக் கட்டத்தில்தான் எஸ்கேப் செய்ய வேண்டும். பிஎச்பியில் `htmlspecialchars`, பைத்தானில் `html.escape` இருக்கின்றன. நாமே நாலு `replace` எழுதிக்கொள்வதைவிட இவை மேல். சொந்தமாக எழுதுபவர்கள் `<`-ஐ முதலில் மாற்றிவிட்டு `&`-ஐப் பிறகு மாற்றுவார்கள். அப்போது தாங்கள் போட்ட `&lt;`-இன் `&`-ஏ மறுபடி மாறிப்போகும். `&`-ஐத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பக்கம் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் குறிப்பைப் போடுவதானால் எஸ்கேப்பே தேவையில்லை, சரியான கதவைத் தட்டினால் போதும்:

```
box.innerHTML = note;    // டேக்காகப் படிக்கும்
box.textContent = note;  // எழுத்தாகவே போடும்
```

`strip_tags` போல டேக்குகளை வெட்டி எறியும் வழியைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சேமிக்கும்போது அதைப் பயன்படுத்தினால், திரையில் மட்டும் மறைந்துகொண்டிருந்த ‘உடனே ஆர்டர் போடவும்’ டேட்டாபேஸிலிருந்தே போய்விடும், திரும்ப எடுக்க வழியே இல்லை.

மறைவது போகட்டும், இயங்கிவிடுவது இன்னும் மோசம். `<img src=x onerror="alert(1)">` என்று ஒருவர் குறிப்பு எழுதினால், எஸ்கேப் செய்யாத பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் அந்த நிரல் ஓடும். `innerHTML` வழியாகப் போடும் `<script>` ஓடாது என்பதைச் சோதித்துவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்புபவர்கள் உண்டு. `onerror` அங்கேயும் ஓடும். 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் பக்கத்தில் இப்படி ஒரு நிரலை ஒளித்துவைத்தார். `<script>` போன்ற டேக்குகளைத் தளம் வடிகட்டியது. அவர் அனுமதிக்கப்பட்ட `div`-இன் ஸ்டைலுக்குள் நுழைந்தார். ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பக்கங்களில் அது தொற்றியது.

கோளாறு எந்த வகை என்று கண்டுபிடிக்க, இன்ஸ்பெக்டரோடு நின்றுவிடக் கூடாது. பிரவுசர் புரிந்துகொண்டதைத்தான் அது காட்டும். சர்வர் அனுப்பியதைப் பார்க்க கன்ட்ரோல் யூ அழுத்த வேண்டும். அங்கே `stock<min` என்று இருந்தால் எஸ்கேப் ஆகவில்லை. `stock&lt;min` என்றால் சரி. `stock&amp;lt;min` என்றால் இரண்டு முறை ஆகியிருக்கிறது. குறிப்பு ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வருவதாக இருந்தால் அங்கே எதுவும் தெரியாது. நெட்வொர்க் பகுதியில் சர்வரின் பதிலைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பழைய பதிவுகளைத் திருத்துவதில் நிதானம் வேண்டும். `&lt;` இருக்கும் இடமெல்லாம் `<` என்று மாற்றிவிட முடியாது. எச்டிஎம்எல் பற்றியே எழுதியவர் `&lt;` என்று வேண்டுமென்றேகூட அடித்திருக்கலாம். சேமிக்கும்போது எஸ்கேப் செய்த பழைய நிரல் எந்தத் தேதி வரை ஓடியது என்று பார்த்து, அதற்கு முந்தைய பதிவுகளை மட்டும், முதலில் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, ஒரு சுற்று மட்டும் அவிழ்க்க வேண்டும். அதற்குப் பிறகும் `&amp;` மிஞ்சியிருப்பவை பலமுறை சேமிக்கப்பட்டவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.