பணம் சேர்ந்தது, பில் தீரவில்லை

மைசூரு தேவராஜா மார்க்கெட்டுக்கு அருகில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பள்ளி திறக்கும் காலத்துக்காகச் சிவகாசியிலிருந்து நோட்டுப்புத்தகங்கள் வரவழைக்கிறார். 2025 மே 6 தேதியிட்ட பில்லின் தொகை ரூ.48,600. அவற்றுள் 30 நோட்டுகள் நனைந்திருந்தன. ஒன்று 45 ரூபாய் வீதம் ரூ.1,350 கழித்துக்கொள்ளலாம் என்று விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகச் சொல்ல, மே 24 அன்று மீதி ரூ.47,250-ஐ நெஃப்ட் வழியாக அனுப்பிவிடுகிறார். ஜூலை 10 அன்று, முழுத்தொகையும் நிலுவையில் உள்ளது என்று நினைவூட்டுக் கடிதம் வருகிறது.

கோபம் வருவது இயல்பு. ஆனால் எதிர்த்தரப்புக் கணக்கரின் மேசையில் என்ன நடந்திருக்கும்? அவருடைய வங்கிப் பட்டியலில் தெரிவது ஒரு தொகை, அனுப்பியவர் பெயர், பரிமாற்றத்துக்கான யு.டி.ஆர். எண், அவ்வளவே. ரூ.47,250-க்கு அவரிடம் பில் எதுவும் இல்லை. கழிவுக்கான வரவுக் குறிப்பைப் பிரதிநிதி அலுவலகத்தில் போட்டுத் தரவில்லை. ஆகவே பணம் அனாமத்துக் கணக்கில் அமர்ந்துவிட்டது. பில் திறந்தபடியே கிடக்க, நாள் கடந்ததும் கணினி நினைவூட்டை அச்சிட்டது.

இந்தச் சிக்கலுக்குப் பழைய சட்டம் ஒன்று வழி சொல்லியிருக்கிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 59 ஆம் பிரிவின்படி, பல கடன்கள் உள்ளவர் பணம் செலுத்தும்போதே அது எந்தக் கடனுக்கு என்று குறிப்பிடலாம்; பணத்தை ஏற்றுக்கொண்டவர் அவ்வாறே வரவு வைக்க வேண்டும். வாய் திறந்து சொல்லாவிட்டாலும், செலுத்திய தொகை ஒரே ஒரு கடனோடு அப்படியே பொருந்தினால் அதுவும் குறிப்பாகவே கொள்ளப்படும். நம் கடைக்காரர் ரூ.1,350 கழித்ததில் அந்தப் பொருத்தம் மறைந்துபோயிற்று. எந்தக் குறிப்பும் இல்லையெனில், 60 ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர் தம் விருப்பம்போல் பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

பதில் எழுதுமுன் தம் வங்கிக் கணக்கைப் பார்ப்பது முதல் வேலை. பற்று விழுந்திருப்பது மட்டும் போதாது. அதற்குப் பின் அதே தொகை திரும்பி வரவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெறுபவர் கணக்கில் சேர்க்க இயலாத நெஃப்ட் தொகை அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அடுத்து, அனுப்பிய கணக்கு எண்ணைப் பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கைப்பேசித் திரையின் படம் சான்றாக நிற்காது. வங்கியில் தேடிக் கண்டுபிடிக்க உதவுவது 16 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த யு.டி.ஆர். தான். பிறகு கடிதம் இவ்வாறு அமையலாம்:

“ஐயா, வணக்கம். தங்களுடைய ஜூலை 10 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் கண்ட மே 6 தேதியிட்ட ரூ.48,600 பில்லுக்காக, மே 24 அன்று ரூ.47,250 எங்கள் கடையின் நடப்புக் கணக்கிலிருந்து, தங்கள் பில்லில் உள்ள கணக்கு எண்ணுக்கு நெஃப்ட் மூலம் அனுப்பியுள்ளோம். தொகை எங்களுக்குத் திரும்பி வரவில்லை. யு.டி.ஆர். எண்ணும் அன்றைய வங்கிக் கணக்குப் பட்டியலும் இணைத்துள்ளோம். மீதி ரூ.1,350, நனைந்து வந்து தங்கள் பிரதிநிதி திரும்ப எடுத்துச் சென்ற 30 நோட்டுகளின் விலை. அவர் கையொப்பமிட்ட சீட்டின் நகலும் உள்ளது. அதற்குரிய வரவுக் குறிப்பை அனுப்பி, ரூ.47,250-ஐ இந்தப் பில்லுக்கே வரவு வைத்து, எங்கள் பற்றுவரவுப் பட்டியலை அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் உண்மையுள்ள.”

செலுத்திய தொகையும் கழித்த தொகையும் இக்கடிதத்தில் தனித்தனியே நிற்கின்றன. “முழுவதும் கட்டியாயிற்று” என்று எழுதியிருந்தால் கணக்கர் மீண்டும் ரூ.48,600-ஐத் தேடிக் கையை விரித்திருப்பார். “பாக்கி இருந்தால் விரைவில் பார்க்கிறோம்” என்ற மரியாதைச் சொல்லும் இதில் இல்லை. கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட எழுத்து, 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 18 ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். உறவு கெடக்கூடாதென்று இரண்டாம் முறை கட்டிவிடுவோரும் உண்டு. அந்தப் பணமும் அதே அனாமத்துக் கணக்குக்குத்தான் போகும்.

பதிலுக்குக் கணக்கர் ஓர் ஐயம் எழுப்பலாம்: மே 24 நான்காம் சனிக்கிழமை, வங்கி விடுமுறையாயிற்றே, பணம் எப்படி வந்திருக்கும்? 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் விடுமுறை நாள்களிலும், இரவு பகல் பாராமல் இயங்குகிறது. அவர் அடுத்த வேலைநாளின் பக்கத்தில் தேடியிருப்பார். வரவு சனிக்கிழமைப் பக்கத்தில் இருக்கும். யு.டி.ஆர். எண்ணை வைத்துத் தேடினால் தேதி எதுவாயினும் அகப்பட்டுவிடும். வரவுக் குறிப்பு ஒன்று போட்டதும் பில் தீரும்.