பொத்தான் மேலாளருக்கு, ஃபார்முலா பூட்டுக்குள்

மதுரை, திண்டுக்கல், தேனி ஆகிய மூன்று ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். விற்பனைக் கணக்கெல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில் இருக்கிறது. மேலாளருக்குக் கடை நன்றாகத் தெரியும், எக்ஸெல் தெரியாது. தேனியில் எண்ணெய் எவ்வளவு போயிற்று என்று பார்க்கக் கோப்பைத் திறக்கிறார். தெரியாமல் ஒரு கட்டத்தில் ஏதோ தட்டுகிறார். அங்கிருந்த ஃபார்முலா அழிந்து, வெறும் எண் நிற்கிறது. அடுத்த மாதம் வரை யாரும் கவனிப்பதில்லை.

இதற்காகக் கோப்பையே அவரிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் கேட்க நினைக்கும் கேள்விகள் அவரிடம்தான் இருக்கின்றன. எக்ஸெல் 2010இல் வந்த ஸ்லைசர் இந்த இடத்தில்தான் உதவுகிறது. கிளைப் பெயர்கள் பொத்தான்களாகத் திரையில் நிற்கும். ‘தேனி’யை அழுத்தினால் தேனியின் கணக்கு மட்டும் வரும். எந்தக் கட்டத்தையும் தொட வேண்டியதில்லை.

கோப்பை மூன்று தாள்களாகப் பிரிப்பது நல்லது. முதல் தாளில் தேதி, கிளை, பொருள் வகை, தொகை என்ற மூலக் கணக்கு இருக்கட்டும். அதை Ctrl+T அழுத்தி டேபிளாக்கிவிட்டால், புதிய வரிகள் தாமாகவே அதில் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது தாளான ‘கணக்கு’, அந்த டேபிளிலிருந்து எடுத்த பிவட் டேபிள்களுக்கு. மூன்றாவது, மேலாளர் பார்க்கும் முகப்பு. ஸ்லைசரை முகப்புக்கு நகர்த்தி, அதன்மேல் வலது கிளிக் செய்து Report Connections வழியாக எல்லாப் பிவட்களோடும் இணைக்க வேண்டும். ஏதாவது ஒரு பிவட் அந்தப் பட்டியலில் வராவிட்டால், அது தனியாக உருவாக்கப்பட்டிருக்கலாம். முதல் பிவட்டை நகலெடுத்து மற்றவற்றை உருவாக்கினால் இந்தத் தொல்லை வராது.

பெரிய ஆபத்து முகப்பில் எழுதும் ஃபார்முலாவில் இருக்கிறது. பிவட்டில் நான்காம் வரியில் திண்டுக்கல் 4 லட்சம், ஐந்தில் தேனி 3 லட்சம், ஆறில் மதுரை 9 லட்சம், ஏழில் மொத்தம் 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் ‘மதுரை’ என்று எழுதி, பக்கத்தில் பிவட்டின் B6ஐக் காட்டச் சொல்கிறோம். மேலாளர் ஸ்லைசரில் தேனியையும் மதுரையையும் மட்டும் தேர்ந்தெடுக்கிறார். திண்டுக்கல் மறைந்ததும் எல்லாம் ஒரு வரி மேலேறுகின்றன. B6இல் இப்போது நிற்பது 12 லட்சம், அதாவது இரண்டு கிளைகளின் மொத்தம். முகப்போ அதை மதுரையின் விற்பனையாகக் காட்டுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பார்க்க நம்பும்படியான எண் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

ஆகவே கட்டத்தின் இடத்தைச் சொல்லாமல், வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்:

```
=IFERROR(GETPIVOTDATA("தொகை",'கணக்கு'!$A$3,"கிளை","மதுரை"),"தேர்வில் இல்லை")
```

பிவட் எப்படிச் சுருங்கினாலும் இது மதுரையைத்தான் தேடும். மதுரையே தேர்வில் இல்லாதபோது பலர் 0 காட்டச் செய்கிறார்கள். அது தவறு. விற்பனையே நடக்கவில்லை என்று படிப்பவர் நினைத்துவிடுவார். கோப்பைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கிளையாகவும், பிறகு இரண்டிரண்டாகவும் அழுத்தி, முகப்பு எண்ணைப் பிவட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பூட்டு. முகப்புத் தாளை அப்படியே பூட்டினால் ஸ்லைசரும் உறைந்துவிடும். முதலில் ஸ்லைசரில் வலது கிளிக் செய்து, Size and Properties என்பதில் Properties பகுதிக்குப் போய் Locked குறியை எடுத்துவிடுங்கள். பிறகு Review பட்டியில் Protect Sheet. அங்கே வரும் அனுமதிகளில் Use PivotTable & PivotChart என்பதையும் குறியிடுங்கள். ‘கணக்கு’ தாளைப் பூட்ட வேண்டாம், மறைத்தால் போதும். பூட்டிய தாளில் இருக்கும் பிவட்டை Refresh செய்ய முடியாது, புதிய விற்பனை அதில் ஏறாது. மறைத்த தாளை யாரும் வெளியே எடுக்காதிருக்க Protect Workbook இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. காலையில் ஒருவர் தேனியைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டுப் போகிறார். மாலையில் திறக்கும் இன்னொருவர் அதையே மொத்த விற்பனை என்று எடுத்துக்கொள்கிறார். இதைத் தவிர்க்க, கிளைப் பெயர்கள் மட்டும் வரும் ஒரு சின்னப் பிவட்டை H3இல் தொடங்கி, மொத்த வரியை நீக்கி, அதே ஸ்லைசரோடு இணையுங்கள். முகப்பின் தலைப்பில் இதை எழுதுங்கள்:

```
="காட்டப்படுவது: "&TEXTJOIN(", ",TRUE,'கணக்கு'!$H$4:$H$20)
```

எக்ஸெல் 2019இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இது வேலை செய்யும். எந்தக் கிளைகளின் எண் என்பது எப்போதும் எண்ணுக்கு மேலேயே தெரியும்.

இந்தப் பூட்டு கைதவறித் தட்டுவதைத்தான் தடுக்கும். மறைத்த தாளில் உள்ள தகவல் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, முனைந்தால் எடுத்துவிடலாம். ஊழியர் சம்பளம், கொள்முதல் விலை போன்றவற்றைக் கிளை மேலாளர் பார்க்கக் கூடாது என்றால், அவற்றை இந்தக் கோப்பில் வைக்காமல் வேறு கோப்பில் வையுங்கள்.