விழாத வாளுக்கு ஒரு கணக்கு

ஒரு வீடியோ கேமில் பூதத்தைக் கொன்றால் அபூர்வமான வாள் ஒன்று விழ 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை கொன்றால் எப்படியும் ஒரு வாள் கைக்கு வந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். ஆனால், நூறு முறை முயன்ற பிறகும் நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். இருநூறு முறைக்குப் பிறகு 13 பேர், முந்நூறு முறைக்குப் பிறகும் 5 பேர் அப்படியே இருப்பார்கள். கேமில் கோளாறு எதுவும் இல்லை. 1 சதவீதம் என்பதன் இயல்பே அதுதான்.

காரணம் எளிது. குடத்தில் நூறு சீட்டு, அதில் ஒன்றில் மட்டும் ‘வாள்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு சீட்டை எடுக்கிறோம், வாள் இல்லை. எடுத்த சீட்டை வெளியே வைத்துக்கொண்டே போனால் நூறாவது முறைக்குள் வாள் வந்தே தீரும். கேமில் நடப்பது அப்படி இல்லை. எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்த சீட்டை எடுக்கச் சொல்கிறது. முன்பு 99 முறை ஏமாந்தவருக்கும் இப்போதுதான் விளையாட வந்தவருக்கும் அடுத்த முறை கிடைக்கக்கூடிய வாய்ப்பு ஒன்றேதான். குடத்துக்கு நினைவு கிடையாது.

பத்தாயிரம் பேர் விளையாடும் கேமில் ஒவ்வொருவரும் ஐந்நூறு முறை முயன்றால், கடைசியில் சுமார் 65 பேருக்கு ஒரு வாள்கூடக் கிடைத்திருக்காது. மூன்றாவது முயற்சியிலேயே வாள் கிடைத்தவர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார். இந்த 65 பேர் பேசுவார்கள். அவர்கள் பேசுவதில் நியாயமும் இருக்கிறது. சராசரி சரியாகத்தான் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை, சராசரியை யாரும் விளையாடுவதில்லை. ஒவ்வொருவரும் விளையாடுவது தன்னுடைய ஒரே வரிசையைத்தான்.

இதைச் சரிசெய்ய இறங்கும் டெவலப்பர் முதலில் பார்ப்பது வெயிட் டேபிளை. எந்தப் பொருளுக்கு எத்தனை சீட்டு என்று எழுதி வைத்த பட்டியல்தான் அது. மருந்து 700, கேடயம் 240, மோதிரம் 50, வாள் 10 என்று வைத்தால் மொத்தம் 1000. கணினி 1 முதல் 1000 வரை ஓர் எண்ணை எடுக்கும். அது 700க்குள் இருந்தால் மருந்து, 701 முதல் 940 வரை கேடயம், 990 வரை மோதிரம், அதற்கு மேல் வாள். சதவீதத்தை எழுதாமல் இப்படி எடையை எழுதுவதில் ஒரு வசதி உண்டு: கூட்டினால் சரியாக நூறு வருகிறதா என்று கவலைப்பட வேண்டாம்.

அந்த வசதியே வம்பாகவும் முடியும். பண்டிகைக் காலத்துக்காக யாரோ ஒருவர் இதே பட்டியலில் 250 எடையுள்ள ஒரு புதுப் பரிசைச் சேர்க்கிறார் என்று வையுங்கள். வாளின் 10ஐ யாரும் தொடவில்லை. ஆனால் மொத்தம் 1250 ஆகிவிட்டதால், வாளின் வாய்ப்பு 1 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கிவிட்டது. சராசரியாக நூறு முயற்சியில் விழுந்த வாளுக்கு இனி 125 முயற்சி தேவை. ‘ரகசியமாக டிராப்பைக் குறைத்துவிட்டார்கள்’ என்று ஆட்டக்காரர்கள் சந்தேகப்படும்போது, சில நேரம் இப்படித் தெரியாமல் குறைந்திருக்கவும் கூடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பட்டியலை இரண்டு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் குலுக்கல் சாதாரணமா, அபூர்வமா என்று தரத்தை முடிவு செய்யும்; இரண்டாவது குலுக்கல் அந்தத் தரத்துக்குள் எந்தப் பொருள் என்று முடிவு செய்யும். புதிய பரிசைச் சாதாரண வகையில் சேர்த்தால் வாளின் பங்கு அசையாது.

எடைகளை எவ்வளவு கவனமாக அமைத்தாலும் குடத்துக்கு நினைவு வந்துவிடாது. அந்த நினைவைக் கொடுப்பதுதான் பிட்டி கவுண்டர். ஒருவர் கடைசியாக வாள் பெற்ற பிறகு எத்தனை முறை முயன்றார் என்று எண்ணி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் வாளைக் கையில் கொடுத்துவிடும் கணக்கு அது.

நம் பூதத்துக்கு நூறாவது முறை வாள் நிச்சயம் என்று வைத்துவிடலாமா? வைக்கலாம். ஆனால் 1 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டு நூறில் உத்தரவாதம் கொடுத்தால், ஒரு வாளுக்கான சராசரி 63 முயற்சியாகக் குறைந்துவிடும். முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வாள்கள் கேமுக்குள் புழங்கும், அபூர்வம் அபூர்வமாக இருக்காது. சராசரி நூறாகவே இருக்க வேண்டும் என்றால் எங்காவது குறைத்தாக வேண்டும். ஒரு வழி இது: உத்தரவாதத்தை 200வது முயற்சியில் வைத்து, அடிப்படை வாய்ப்பை 0.8 சதவீதமாக்குவது. கணக்குப் போட்டால் சராசரி ஏறக்குறைய சரியாக 100 வரும்.

```python
table = [("potion", 702), ("shield", 240),
         ("ring", 50), ("sword", 8)]

def drop(player):
    player.tries += 1
    if player.tries >= 200:
        item = "sword"
    else:
        item = weighted_pick(table)
    if item == "sword":
        player.tries = 0
    return item
```

இதில் யாருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். முன்பு 200ஐத் தாண்டியும் தவித்த 13 பேரின் தவிப்பு தீர்ந்தது. பதிலுக்கு, முதல் பத்து முயற்சிக்குள் வாள் பெற்றவர்கள் நூற்றுக்கு ஒன்பது பத்து பேராக இருந்தது எட்டுக்கும் கொஞ்சம் குறைவாகிவிட்டது. துரதிர்ஷ்டசாலிக்குக் கொடுத்ததை அதிர்ஷ்டசாலியிடமிருந்துதான் எடுத்திருக்கிறோம். பிட்டி கவுண்டர் யாருக்கும் இலவசமாக எதையும் தருவதில்லை. ஒன்று கேமில் வாள்கள் பெருக வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் கிடைக்கும் ஆனந்தம் குறைய வேண்டும்.

இந்த மாற்றீட்டை முழு நீளத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை 2002இல் வெளிவந்த ‘வார்கிராஃப்ட் 3’ கேமின் முறை காட்டுகிறது. பின்னால் டோட்டாவும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. அங்கே சண்டையில் கூடுதல் பலத்தோடு விழும் அடி போன்றவற்றின் வாய்ப்பு மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஒவ்வொரு தோல்விக்கும் அதே அளவு கூடிக்கொண்டே போகும். பலித்ததும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். நம் வாளுக்கு இதைப் பொருத்தினால் முதல் முயற்சியில் 0.0156 சதவீதம், இரண்டாவதில் அதன் இரு மடங்கு, நூறாவதில் 1.56 சதவீதம் என்று ஏறும். சராசரி அதே 100. முந்நூறு முறைக்குப் பிறகும் கிடைக்காதவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆனால் முதல் பத்துக்குள் வாள் பெறுபவரும் நூற்றில் ஒருவருக்குக் குறைவுதான். சில நொடிக்கு ஒருமுறை அடி விழும் சண்டையில் இந்த ஒழுங்கு நல்லது, ஆட்டம் ஒரே ஒரு குருட்டு அதிர்ஷ்டத்தில் முடிந்துவிடாது. வாரக்கணக்கில் தேடும் வாளுக்கு இதை வைத்தால் ‘இன்று கிடைத்தாலும் கிடைக்கலாம்’ என்ற ஆசையே போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 2020இல் வந்த ‘கென்ஷின் இம்பேக்ட்’. அதில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் வர அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90வது முயற்சியில் உத்தரவாதம். உத்தரவாதத்தையும் சேர்த்தால் மொத்தத்தில் 1.6 சதவீதம் என்று கேமிலேயே எழுதியிருக்கிறது. இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரியும். 89வது வரை 0.6 சதவீதம் மாறாமல் இருந்தால் சராசரி சுமார் 70 முயற்சி ஆகும், அதாவது 1.43 சதவீதம். அறிவித்த 1.6 சதவீதம் வர வேண்டுமென்றால் சராசரி 62, 63 ஆக இருக்க வேண்டும். ஆக, 90க்கு முன்பே எங்கோ வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் முயற்சிகளை எழுதி வைத்துத் தொகுத்துப் பார்த்தபோது 74வது முயற்சியையொட்டி அது வேகமாக ஏறுவது தெரிந்தது. இதை ‘சாஃப்ட் பிட்டி’ என்கிறார்கள். அந்த மேடு வரை வெறுங்கையோடு வருபவர்கள் நூற்றுக்கு 64 பேர். அதாவது அந்த கேமில் பெரும்பாலான பரிசுகள் குருட்டு அதிர்ஷ்டத்தில் வருவதில்லை, கவுண்டரால்தான் வருகின்றன.

கவுண்டர் எழுதுவது நான்கு வரி. தப்பு நடப்பது அதைச் சுற்றித்தான். எண்ணிக்கையை எல்லாப் பகைவர்களுக்கும் பொதுவாக வைத்தால், ஆட்டக்காரர் முதல் ஊரில் உள்ள எலும்பில்லாப் பூச்சியை 199 முறை நசுக்கி எண்ணிக்கையை ஏற்றிவிட்டு, கடைசி அடியை மட்டும் பூதத்துக்குக் கொடுப்பார். எனவே ஒவ்வொரு டேபிளுக்கும் தனிக் கவுண்டர் வேண்டும். மோதிரம் விழுந்தாலும் வாளின் எண்ணிக்கை பூஜ்யமாகும்படி எழுதிவிட்டால், உத்தரவாதம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். கேமை மூடித் திறந்தால் எண்ணிக்கை அழிந்துபோவதும் இதே ரகம். பண்டிகைப் பட்டியல் முடியும்போது அதுவரை சேர்த்த எண்ணிக்கை என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து சொல்லிவிட வேண்டும். கென்ஷினில் அது அடுத்த அதே வகைப் பட்டியலுக்குக் கடந்துபோகிறது.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு லட்சம் கற்பனை ஆட்டக்காரர்களை ஓடவிட்டு மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். மேலே எழுதிய நிரலில் சராசரி 100ஐ ஒட்டி இருக்க வேண்டும்; 200வது முயற்சி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவராக இருக்க வேண்டும்; யாரும் 200ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஒரே ஒருவர் 201இல் இருந்தாலும் எண்ணத் தொடங்கும் இடம் பிசகியிருக்கிறது. பலர் 250, 300 என்று போயிருந்தால் கவுண்டர் எங்கோ நடுவில் அழிகிறது.

பணம் கொடுத்துக் குலுக்கும் கேம்களில் இந்த எண்களுக்கு இன்னொரு முகம் உண்டு. உத்தரவாதம் எட்டும் தூரத்தில் தெரியும்போது, இதுவரை போட்ட பணம் வீணாகிவிடக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். சீனா 2017 மே முதல் இத்தகைய கேம்கள் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆப்பிளும் தன் ஸ்டோரில் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆனால் விகிதம் என்று ஒரு எண் மட்டும் இருந்தால் போதாது. அது உத்தரவாதம் சேராத அடிப்படையா, சேர்ந்த சராசரியா என்று தெரிய வேண்டும். உத்தரவாதம் எத்தனையாவது முயற்சியில், எண்ணிக்கை எப்போது பூஜ்யமாகிறது என்பதும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால், மிக மோசமான நிலையில் எவ்வளவு செலவாகும் என்பதைப் பணம் போடும் முன்பே ஒரு பெருக்கலில் கண்டுபிடித்துவிடலாம்.