கல் காய்ந்தால்தான் பீட்சா

வீட்டில் செய்த பீட்சாவின் குறை பெரும்பாலும் மேலே தெரியாது. சீஸ் நன்றாக உருகியிருக்கும், குடமிளகாய் வதங்கியிருக்கும், வாசனை தெருவரை போயிருக்கும். ஒரு துண்டை வெட்டித் தூக்கும்போதுதான் விஷயம் தெரியும். நுனி துவண்டு தொங்கும். அடியைத் திருப்பிப் பார்த்தால் வெளுத்து, ஈரமாக, பாதி வெந்த மாவாக இருக்கும். சரி, இன்னும் ஐந்து நிமிடம் வைப்போம் என்று திரும்ப உள்ளே தள்ளினால் விளிம்பு ரஸ்க் போல இறுகிவிடும்.

மாவு சரியில்லை, ஈஸ்ட் பழசு என்று பழி எங்கெங்கோ போகும். உண்மைக் காரணம் பல வீடுகளில் ஒன்றுதான்: ஓவன் சூடாக இருந்தது, மாவு உட்கார்ந்த தட்டு சூடாக இல்லை.

காயாத கல்லில் தோசை வார்த்தால் என்ன ஆகும் என்பது தமிழ் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவு ஒட்டும், நிறம் வராது, முறுகாது. அதே வீட்டில் பீட்சா செய்யும்போது, ஜில்லென்றிருக்கும் அலுமினியத் தட்டில் மாவை விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் அடுக்கி, தட்டோடு ஓவனுக்குள் வைக்கிறார்கள். ஓவனின் சூடு முதலில் தட்டைக் காயவைத்து, அதன் பிறகே மாவுக்குப் போகிறது. அதற்குள் சாஸின் ஈரம் மாவில் இறங்கிவிடுகிறது.

பீட்சாவின் ஊரான நேப்பிள்ஸில் விறகு அடுப்பின் தளமே கல்தான். அந்தக் கல் 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். மேலே உள்ள வளைந்த கூரை அதைவிடச் சூடானது. பீட்சா நேராகக் கல்லின் மேல் இறங்கி, 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வந்துவிடும். இவ்வளவு குறைந்த நேரத்தில் மாவின் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஆவியாக முடியாது. அதனால்தான் வெளியே கரும்புள்ளியும் உள்ளே பஞ்சு போன்ற மென்மையும் ஒரே பீட்சாவில் அமைகின்றன.

நம் வீடுகளில் இருக்கும் ஓடிஜி ஓவன்களின் உச்சம் பெரும்பாலும் 250 டிகிரி. நேப்பிள்ஸ் சூட்டை அதில் எட்ட முடியாது. ஆனால் அடிப்படைக் கணக்கு இங்கும் அதேதான். மாவின் மேற்பரப்பு நிறம் மாற 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறாது. ஆகவே பரப்பு சீக்கிரம் காய்ந்து சிவக்க வேண்டும், உட்புறம் காய்வதற்குள் பீட்சா வெளியே வர வேண்டும். 180 டிகிரியில் கேக் போல இருபது நிமிடம் வைத்தால், நிறம் வருவதற்குள் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். பீட்சாவுக்கு ஓவனின் உச்ச சூடு தேவைப்படுவது இதனால்தான்.

இந்தச் சூட்டுக் கணக்கை மூன்று பேர் கொண்ட ஒரு குழு 2018இல் ஒரு கட்டுரையாகவே எழுதியது. இயற்பியலாளர்கள் ஆந்திரே வர்லமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ் இருவரும், உணவு மானுடவியலாளர் செர்ஜியோ கிராஸோவும் அதை எழுதினார்கள். கல் எவ்வளவு சூடு என்பதைவிட, கல்லும் மாவும் தொடும் இடத்தில் எவ்வளவு சூடு என்பதே முக்கியம் என்பது அதன் சாரம். செங்கல் சூட்டை மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும். எனவே 330 டிகிரி செங்கல்லின் மேல் மாவு இறங்கும்போது, தொடும் இடம் 200 டிகிரியைச் சற்றே தாண்டி நிற்கிறது. இரும்புத் தகடு சூட்டை வேகமாக இறக்கும். அதே 200 டிகிரி கிடைக்க, எஃகுத் தளம் 230 டிகிரியில் இருந்தாலே போதும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வீட்டு ஓவனுக்கு இது நல்ல செய்தி. சூட்டில் நமக்கு இருக்கும் குறையை இரும்பு ஓரளவு ஈடுகட்டுகிறது.

இதற்குத் தோதான இரும்பு பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல்தான் அது. 28 செ.மீ. விட்டமும் அரை செ.மீ. கனமும் உள்ள கல் இரண்டு கிலோவுக்கு மேல் எடை வரும். அதே அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தட்டைவிட அது ஆறு மடங்குக்கு மேல் சூட்டைச் சேமித்து வைக்கும். விளிம்பு உயர்ந்த கல்லாக இருந்தால் கவிழ்த்து வைக்கலாம். அடிப்புறம் தட்டையாக இருக்க வேண்டும், கைப்பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. ஓவனுக்குள் கல்லைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டால்தான் சூடான காற்று சுற்றிவரும். நான்ஸ்டிக் கல்லோ தட்டோ கூடாது. வெறுமையாக இவ்வளவு சூட்டில் காயவைத்தால் அதன் பூச்சு கெடும்.

பீட்சா கல் என்று கடையில் விற்பதும் நல்லதே. ஆனால் அது இரும்பைவிட மெதுவாகக் காயும், மெதுவாகவே சூட்டை விடும். அதைக் குளிர்ந்த ஓவனில் வைத்து ஓவனோடு சேர்த்துச் சூடேற்ற வேண்டும், ஓவனோடு சேர்த்தே ஆறவிட வேண்டும். தோசைக்கல்லில் நீர் தெளித்துச் சூடு பார்க்கும் பழக்கத்தை இதில் காட்டினால் கல் விரிசல் விட்டுவிடும்.

அடுத்து, எவ்வளவு நேரம் காயவைப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓவனின் விளக்கு அணைந்துவிடும். சூடு ஏறிவிட்டது என்று நினைத்து பீட்சாவை வைத்துவிடுகிறார்கள். அந்த விளக்கு சொல்வது உள்ளே இருக்கும் காற்றின் சூட்டை. இரண்டு கிலோ இரும்பு அந்தச் சூட்டை எட்ட மேலும் அவகாசம் வேண்டும். மெல்லிய தட்டுக்குக் கால் மணி நேரம் போதும். தோசைக்கல்லுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம், பீட்சா கல்லுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் தேவை. 2000 வாட் ஓவன் முக்கால் மணி நேரம் விடாமல் எரிந்தாலும் ஒன்றரை யூனிட்தான் ஆகும். நடுநடுவே தெர்மோஸ்டாட் அணைத்துவிடுவதால் உண்மைச் செலவு அதைவிடக் குறைவு.

இப்போது ஒரு பீட்சாவை முழுதாகப் பார்க்கலாம். 250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பிசைந்து, இரண்டு உருண்டையாக்கி, மூடி, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு பீட்சாவுக்கு மாவு தயார். விரிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த மாவு விரியாமல் சுருங்கிக்கொள்ளும்.

தோசைக்கல்லை, மேல் ராடிலிருந்து ஒரு சாண் இடைவெளிக்குள் இருக்கும்படி மேல்பகுதிக் கம்பித் தட்டில் வைத்து, மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் 250 டிகிரியில் போடவும். கல்லை மேலே வைப்பதற்குக் காரணம் உண்டு. அடிப்பாகத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். நேப்பிள்ஸ் அடுப்பின் கூரை செய்யும் வேலையை இங்கே மேல் ராடுதான் செய்ய வேண்டும்.

நாற்பது நிமிடம் கழித்து மாவை 25 செ.மீ. வட்டமாகக் கையால் விரிக்கவும். கவிழ்த்த தட்டிலோ மெல்லிய பலகையிலோ ரவையைத் தூவி, அதன் மேல் மாவைப் போடவும். சாஸ் மூன்று டேபிள்ஸ்பூன், மொசரெல்லா 70 கிராம், வெங்காயமும் குடமிளகாயும் சில மெல்லிய கீற்றுகள் போதும். தக்காளி என்றால் விதையும் சாறும் நீக்கிப் போட வேண்டும். பலகையை ஒருமுறை லேசாக ஆட்டினால் பீட்சா வழுக்க வேண்டும். ஒட்டினால் அந்த இடத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை தூவவும். ஓவன் கதவு திறந்திருக்கும்போது ஒட்டுவது தெரிந்தால் காரியம் கெடும்.

ஓவனைத் திறந்து, பலகையைக் கல்லின் மேல் சாய்த்து, ஒரே வீச்சில் பின்னால் இழுத்தால் பீட்சா கல்லில் தங்கிவிடும். உலர்ந்த கையுறை அவசியம். ஈரத் துணியில் சூடு நொடியில் பாய்ந்துவிடும். கதவைத் திறந்ததில் காற்று சற்றுக் குளிர்ந்திருக்கும், தெர்மோஸ்டாட் ராடுகளை மறுபடி எரியவிடும். இது பீட்சாவுக்கு நல்லதுதான்.

இனி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் விளிம்பு உப்பத் தொடங்கும். உப்பவில்லை என்றால் கல் போதுமான அளவு காயவில்லை. நான்காவது நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். அப்போது பீட்சாவை அரை வட்டம் திருப்பி வைக்கவும். ஓவனின் பின்பக்கம் பெரும்பாலும் முன்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும். ஆறாவது நிமிடத்தில் தோசைத் திருப்பியால் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். அடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, மேலே மட்டும் வெளுத்திருந்தால், மேல் ராடை மட்டும் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் கதவருகிலேயே நிற்கவும். கடைசி நிமிடத்தில் நிறம் மிக வேகமாக மாறும். ஏழு அல்லது எட்டாவது நிமிடத்தில் பீட்சா வெளியே வந்துவிடும். பீட்சா கல்லாக இருந்தால் இதைவிட ஓரிரு நிமிடம் கூடும்.

பிழை எங்கே என்பதைப் பீட்சாவே காட்டிவிடும். மேலே கருகி அடி வெளுத்திருந்தால், கல் காயவில்லை. அடி கருகி மேலே வெளுத்திருந்தால், கல்லை இன்னும் ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். விளிம்பு நன்றாக வெந்து நடுப்பகுதி மட்டும் கொழகொழவென்று இருந்தால், சாஸோ காய்கறியோ அதிகம். எல்லாமே சரியாகச் செய்தும் பத்து நிமிடத்தைத் தாண்டினால் ஓவனின் திருகு சொல்லும் சூடு பொய்யாக இருக்கலாம். 250 என்று காட்டும் ஓவனில் இருபது முப்பது டிகிரி குறைவது அபூர்வமல்ல. ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி அதைச் சொல்லிவிடும்.

வெளியே எடுத்த பீட்சாவை நேராகத் தட்டில் வைத்தால், அடியிலிருந்து வரும் ஆவி அங்கேயே நீராகி, முறுகிய அடியை நனைத்துவிடும். கம்பி வலையின் மேல் இரண்டு நிமிடம் வைத்து, பிறகு வெட்டவும். இரண்டாவது உருண்டைக்கு அவசரப்பட வேண்டாம். முதல் பீட்சா கல்லின் சூட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கும். இரண்டு ராடையும் மறுபடி 250இல் போட்டு, கதவை மூடி, பத்து நிமிடம் கல்லைக் காயவிட்ட பிறகே அடுத்ததை வைக்கவும்.