செத்த எலும்புக்கு மருந்து போய்ச் சேராது

42 வயது லாரி ஓட்டுநர் ஒருவரை வைத்துப் பேசுவோம். எலும்பு வார்டில் இவரைப் போன்ற ஒருவர் எப்போதும் இருப்பார். 2 வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பிளேட் வைத்தார்கள், எலும்பு கூடிவிட்டது. ஆனால் தழும்பின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதில் சீழ் வடியும்; 10 நாள் மாத்திரை போட்டால் காயும்; அடுத்த மாதம் திரும்ப வடியும். இதுதான் நாள்பட்ட ஆஸ்டியோமயலைட்டிஸ், எலும்புக்குள் புரையோடிய புண்.

மாத்திரை ஏன் தோற்கிறது? ஆன்டிபயாடிக் போவது ரத்தத்தின் வழியாக. கிருமி தாக்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று எலும்பின் ஒரு துண்டு செத்துவிடுகிறது. அந்தத் துண்டின் மேலும் பிளேட்டின் மேலும் கிருமிகள் வழுவழுப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு உட்காருகின்றன. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும்?

எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை சியர்னி, மேடர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1985-இல் வகுத்த முறையில் கணக்கிடுகிறார்கள். எண் எலும்பைச் சொல்லும். 1 என்றால் உள்ளே மஜ்ஜையில் மட்டும், 2 என்றால் மேற்பரப்பில் மட்டும். 3 என்றால் மேலோட்டைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது, ஆனாலும் வெட்டி எடுத்தபின் எலும்பு தாங்கும். 4 என்றால் தாங்காது. எழுத்து ஆளைச் சொல்லும். A ஆரோக்கியமானவர். B சர்க்கரை நோய், புகைப்பழக்கம் போன்ற தடைகள் உள்ளவர். C என்றால் நோயைவிட ஆபரேஷனே அதிகம் கெடுக்கும் என்ற நிலையில் இருப்பவர். அவருக்குக் கத்தி வேண்டாம், சீழை அடக்கிவைக்கும் மாத்திரை போதும். எலும்போடு ஆளையும் சேர்த்து எடைபோடுவதால்தான் இந்த முறை இன்னும் நிலைத்திருக்கிறது என்பேன். நம் ஓட்டுநருக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. அவர் 3B.

அடுத்தது, எந்தக் கிருமி? ஓட்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த கல்ச்சரில் சூடோமோனாஸ் வந்தது. அதற்கான ஊசி ஒரு மாதம் ஓடியது, பலனில்லை. ஓட்டையின் வாயில் குடியிருப்பது வேறு, எலும்புக்குள் இருப்பது வேறாக இருக்கலாம். 1978-இல் வந்த ஓர் ஆய்வில், ஓட்டையிலிருந்து எடுத்த கல்ச்சர்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் எலும்பில் இருந்த கிருமி கிடைத்தது. ஆகவே எலும்பையே எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம் என்று அவசரம் இல்லையென்றால், அதற்குமுன் சுமார் 2 வாரம் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைப்பார்கள். இல்லாவிட்டால் கிருமி வளராமல் ஏமாற்றும். ஆபரேஷனில் ஆழத்திலிருந்து 5 துண்டு, ஒவ்வொன்றும் புதுக் கருவியால், தனித்தனிப் புட்டியில். இன்னும் கொஞ்சம் எலும்பு நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போகும். காசநோய்க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அதை விட்டுவிட முடியாது. ஓட்டுநரின் எலும்பில் இருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

இனி கத்தியின் வேலை. ஓட்டையை அதன் பாதையோடு அறுத்தெடுத்து, பிளேட்டையும் கழற்றி, செத்த எலும்பைச் சீவிக்கொண்டே போவார்கள். எங்கே நிறுத்துவது? செத்த எலும்பு வெளுத்திருக்கும், ரத்தம் கசியாது. சீவிய பரப்பில் மிளகாய்த்தூள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்தால் அங்கே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தொடையில் கட்டிய ரத்தத் தடைப் பட்டையை அவிழ்த்தால்தான் இது தெரியும். பயந்து முன்னாலேயே நிறுத்தினால் நோய் திரும்பும். அளவுக்கு மீறிச் சீவினால் எலும்பு முறியும், பிறகு வெளியே கம்பிச் சட்டம் மாட்ட நேரும். மிஞ்சிய குழியைச் சும்மா விட்டால் ரத்தம் தேங்கி மறுபடி சீழ் கட்டும். அதனால் ஆன்டிபயாடிக் கலந்த கால்சியம் சல்பேட் மணிகளால் நிரப்பி, கெண்டைச் சதையைத் திருப்பி மேலே மூடினார்கள்.

மருந்தின் நாள் கணக்கு இந்தக் கடைசிச் சுத்தப்படுத்தலிலிருந்துதான் தொடங்கும். முன்பு விழுங்கியவை கணக்கில் சேராது. வழக்கமாக 6 வாரம். கிருமி குடியிருந்த எலும்பு முழுவதையும், ஒரு விரலோடு என்பதுபோல, எடுத்துவிட்டால் சில நாளே போதும். ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும் என்ற பழைய பிடிவாதமும் தளர்ந்துவிட்டது. பிரிட்டனில் 1054 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், முதல் வாரத்துக்குள் மாத்திரைக்கு மாறியவர்கள் ஊசியிலேயே தொடர்ந்தவர்களைவிட மோசமாகவில்லை. ஆனால் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கக் கிருமியின் பெயர் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எலும்பின் மேல் இப்படி ஓட்டை வடிந்துகொண்டிருந்தால், அடுத்த சீட்டு எழுதும்முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த கல்ச்சர் எலும்பிலிருந்து எடுத்ததா, புண்ணின் வாயிலிருந்து எடுத்ததா?