மானி பின்னோக்கிச் சுற்றாது: கூடிய தண்ணீர் பில்லை இரண்டு படங்களால் மறுப்பது எப்படி?

இலங்கையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்புள்ள வீடுகளுக்கு மாதந்தோறும் பில் வருகிறது. அதில் தொகையை மட்டும் பார்த்துத் திடுக்கிடுவோம். சண்டை பிடிக்க உதவுவது தொகை அல்ல. முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, வாசித்த திகதி ஆகிய மூன்றும்தான். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான வித்தியாசமே அந்த மாதத்தின் அலகுகள். ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர், அதாவது 1000 லீற்றர்.

ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக மாதம் 20 அலகு வரை ஓடும் வீடு. ஜூலை 4இல் 0431, ஓகஸ்ட் 4இல் 0481 என்று பில் சொல்கிறது. பாவனை 50 அலகு. வீட்டுக்காரர் ஜூலை 5இல் எடுத்த படத்தில் மானி 0432 காட்டுகிறது. பில்லைக் கண்டபின் ஓகஸ்ட் 9இல் எடுத்த படத்தில் 0454.

வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. 4ஆம் திகதி 0481இல் நின்ற மானி, ஐந்து நாள் கழித்து 0454இல் நிற்க முடியாது. அதனால் பில்லிலுள்ள வாசிப்புத் திகதிக்குப் பிறகு எடுத்த படத்துக்குத்தான் பலம் அதிகம். முதல் படம் வேறொரு வேலை செய்கிறது. 35 நாளில் 22 அலகு ஓடியிருக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 630 லீற்றர். அந்தக் கணக்கில் ஓகஸ்ட் 4இல் மானி 0451 அளவில் இருந்திருக்கும். நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் 5ஐ 8 என்று வாசிப்பது எளிது. ஆனால் வாசிப்பாளர் என்ன பிழை விட்டார் என்று கடிதத்தில் ஊகிக்கத் தேவையில்லை.

"பரவாயில்லை, அடுத்த மாதம் கழிந்துவிடும்" என்று கருமபீடத்தில் பதில் வரக்கூடும். பாதிதான் உண்மை. அலகுகள் கழிந்துவிடும், பணம் அப்படியே கழியாது. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிமுறையானது. முதல் சில அலகுகள் மலிவு, மேலே போகப் போக அலகின் விலை ஏறும். இல்லாத 30 அலகும் போய் விழுவது உச்சியிலுள்ள படிகளில். அடுத்து வரும் மாதங்களில் பாவனை குறைவாகப் பதிவாகும்போது மிச்சமாவதோ கீழ்ப்படிகளின் மலிவான அலகுகள். ஆகவே கடிதத்தின் கோரிக்கை "கழித்துக்கொள்ளுங்கள்" என்பதல்ல, சரியான வாசிப்பைக் கொண்டு ஓகஸ்ட் பில்லையே மீளக் கணக்கிட வேண்டும் என்பது. பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று மதிப்பீட்டில் பில் போட்டிருந்தாலும் இதே நியாயம் பொருந்தும்.

படம் எடுக்கும்போது கறுப்பு இலக்கங்கள் முழுதாகவும், மானியின் உடலில் பொறித்த தொடர் இலக்கம் அதே படத்திலும் தெரிய வேண்டும். தொடர் இலக்கம் இல்லாத படம் பக்கத்து வீட்டு மானியுடையதாகவும் இருக்கலாம். சிவப்பு இலக்கங்கள் அலகின் பின்னங்கள், அவற்றைச் சேர்த்து எழுதக் கூடாது. அன்றைய பத்திரிகையின் திகதியை அருகில் பிடிப்பது பழைய உத்தி என்றாலும் நல்லது. வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பில் பதிந்திருக்கும் திகதி விவரம் போய்விடும், மூலப்படத்தை போனிலேயே வைத்திருங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். கணக்கு இலக்கத்தையும் மானி இலக்கத்தையும் மேலே எழுதிவிட்டு இப்படித் தொடங்கலாம்:

"04.08 அன்று எனது மானி வாசிப்பு 0481 எனப் பில்லில் பதிவாகியுள்ளது. 09.08 அன்று எடுத்த படத்தில் வாசிப்பு 0454 ஆகும். 05.07 அன்று எடுத்த படத்தில் 0432. இரு படங்களும் பில்லின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. மானியை நேரில் பார்வையிட்டு, ஓகஸ்ட் மாதப் பில்லைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான மாதத் தொகையைச் செலுத்தியுள்ளேன், பற்றுச்சீட்டின் பிரதி இணைப்பில்."

கடைசி வரி முக்கியம். ஒன்றுமே கட்டாமல் இருந்தால் பிணக்கு நிலுவையாக மாறி, இணைப்பைத் துண்டிக்கும் அறிவித்தலில் போய் நிற்கலாம். பிரதியொன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையையும் திகதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படமும் பில்லும் ஒத்துப்போனால் இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். அப்போது வாசிப்பில் பிழையில்லை, தண்ணீர் உண்மையிலேயே மானியைக் கடந்திருக்கிறது. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மானி முகப்பிலுள்ள சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் கசிவு உங்கள் பக்கத்தில். கூரைத் தொட்டியின் மிதவை வால்வையும் கழிவறைத் தொட்டியையும் முதலில் தேடுங்கள், சத்தமில்லாமல் ஒழுகுபவை அவைதான். குழாய்களை மூடியபோது சக்கரம் அசையவில்லை, கசிவும் இல்லை, ஆனால் தண்ணீர் பாவிக்கும்போது இலக்கம் அளவுக்கு மீறி வேகமாக ஏறுகிறது என்றால், மானியையே சோதிக்கும்படி தனிக் கடிதம் எழுதலாம்.